பத்தடிப் பீமின் எடை

அப்துல் ஹலீமைப் பற்றி விருதுநகரில் ஒரு பேச்சு உண்டு. பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று எல்லாரும் பார்ப்பார்கள். அவர் தண்ணீரில் பால் கலந்திருக்கிறதா என்று பார்ப்பாராம். இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு நஷ்டம் மதிப்பிடும் சர்வேயர் வேலை. இருபத்திரண்டு வருஷமாக எரிந்த இடங்களில் நடந்து நடந்து, சிரிக்கிறவனைக் கண்டாலும் சந்தேகம், அழுகிறவனைக் கண்டால் இன்னும் அதிகச் சந்தேகம். "உங்களுக்கு வாக்கப்பட்டு இம்புட்டு வருசமாச்சு. இன்னும் என் பேரு குல்சார்தானான்னு ரேஷன் கார்டைப் பாத்துட்டுத்தான கூப்பிடுவீக?" என்று அவர் மனைவி குல்சார் பேகமே கேலி செய்வாள். ஹலீமுக்கு அதில் வருத்தம் கிடையாது, உள்ளுக்குள் பெருமைதான்.

அந்தப் பெருமையில்தான் வேலுத்தாய் மாட்டிக்கொண்டாள்.

நடந்தது இது. இரண்டாயிரத்து ஆறாம் வருஷம், பங்குனி மாதம். ஏழாயிரம்பண்ணை போகிற ரோட்டில் லட்சுமிகாந்தத்தின் பேப்பர் குடோன். பட்டாசுப் பெட்டிக்கும் காலண்டருக்கும் வெட்டின கழிவுத் தாளை அங்கேதான் கட்டுக்கட்டாக அடுக்கி வைப்பார்கள். ஒரு மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் தீப்பிடித்தது. குடோனைத் திறந்து பூட்டுகிற வேலை வேலுத்தாய்க்கு, சாவி அவளிடம் இருந்தது. சாப்பிட்டுவிட்டு முதலில் திரும்பி வந்தவள் அவள்தான். கதவைத் திறந்தவளும் கூச்சல் போட்டவளும் அவள்தான். உள்ளே கடைசி அடுக்குக்குப் பின்னால், வெளியே வெயில் தாங்காமல் ஒரு லோடுமேன் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். பெயர் முத்துப்பாண்டி, வயது முப்பது. வேலுத்தாயின் சொந்தத் தம்பி. அவனை அந்த வேலையில் சேர்த்துவிட்டதே அவள்தான், மத்தியானம் அவன் அங்கே படுப்பதும் அவளுக்குத் தெரியும். கூரை விழுந்தது, அவன் வெளியே வரவில்லை.

ஹலீம் மறுநாளே வந்துவிட்டார். குடோனைச் சுற்றிப் போலீஸ் கயிறு கட்டியிருந்தது. உள்ளே இறங்கவிடவில்லை. வாசலில் நின்று பார்த்தார், பக்கத்து அச்சாபீசில் உட்கார்ந்து விசாரித்தார்.

அச்சாபீஸ்காரர் காளிராஜ் சொன்னார்: "அந்தப் பொம்பள 'தீ, தீ'ன்னு கத்துச்சு சார். கத்துன அடுத்த நொடி நான் போனை எடுத்துட்டேன்."

தீயணைப்பு நிலையப் பதிவேட்டில் அந்தப் போன் வந்த நேரம் ஒன்று நாற்பத்திரண்டு. கூரை விழுந்தபோது கரண்டுக் கம்பியையும் இழுத்துக்கொண்டு விழுந்து, அந்த லைனே டிரிப் ஆனது. துணை மின்நிலையப் பதிவேட்டில் அந்த நேரம் ஒன்று நாற்பத்தைந்து. கூச்சலுக்கும் கூரைக்கும் நடுவில் மூன்று நிமிஷம். இரண்டும் அரசாங்க எழுத்து, ஹலீமே சந்தேகப்பட முடியாத எழுத்து.

பிறகு வேலுத்தாயைக் கூப்பிட்டார். நாற்பது வயதிருக்கும். புடவைத் தலைப்பைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"கதவைத் திறந்தப்ப தீ எம்புட்டு ஒசரம்மா?"

"தாள்கட்டு ஒசரந்தான் சார் இருந்துச்சு. நான் பாக்க பாக்கவே குபீர்னு மேல ஏறி இரும்பைத் தொட்டுருச்சு. ஒடனே கத்திட்டேன்."

"ஒடனேவா?"

"இருக்கன்குடி ஆத்தா மேல ஆணையா ஒடனே சார். கத்துனேன், தம்பி பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கூப்பிட்டேனா, அப்ப அவன்..." என்று தொடங்கியவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

"அவன்?"

"ஒண்ணுமில்ல சார். கூரை விழுந்துருச்சு."

எதையோ முழுங்கிவிட்டாள். ஹலீமின் காது அதைப் பிடித்துக்கொண்டது. முழுங்கிய பேச்சைப் போல அவருக்குப் பிடித்த சாட்சி வேறு இல்லை. நோட்டில் எழுதினார்: 'மறைக்கிறாள்.'

அன்று சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து கணக்கைப் போட்டார். கூரையைத் தாங்கிய இரும்புப் பீம் ஒன்றுமே பூசாத, மூடாத பச்சை இரும்பு. தகட்டின் தடிமன் குறைவு, சூட்டை உள்ளே சட்டென்று கடத்திவிடும். அதனால் தோலுக்கு ஒரு சூடு, நடுவுக்கு ஒரு சூடு என்று பிரிக்க வேண்டாம். மொத்தப் பீமுக்கும் ஒரே சூடு என்று வைத்துக்கொள்ளலாம். தீயிலிருந்து பீமுக்குச் சூடு இரண்டு வழியாக வரும். தீயின் காற்று தழுவித் தருவது ஒன்று: தீக்கும் இரும்புக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்தை இருபத்தைந்தால் பெருக்கினால் போதும். ஜுவாலையும் புகையும் கதிராக வீசுவது இன்னொன்று. அதற்கு இரண்டின் சூட்டோடும் இருநூற்று எழுபத்து மூன்றைக் கூட்டி, ஒவ்வொன்றையும் நாலாம் அடுக்குக்கு உயர்த்தி, வித்தியாசம் எடுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து பத்து விநாடியில் பீமை எத்தனை டிகிரி ஏற்றும் என்று ஒரு வரி. ஏறின சூட்டை வைத்து அடுத்த பத்து விநாடிக்கு அடுத்த வரி. இரும்பு சூடேற ஏற, தீக்கும் அதற்கும் உள்ள இடைவெளி சுருங்கும், ஏற்றமும் மெதுவாகும்.

தீயின் சூடு எவ்வளவு என்று யாரைக் கேட்பது? அதற்கும் வாசலில் நின்றபடியே ஒரு சாட்சியைப் பிடித்திருந்தார். பீம் உயரத்தில், சுவரில் ஒரு விளக்கு. அதன் அலுமினியக் குடை பாதி உருகி வழிந்திருந்தது, பாதி அப்படியே இருந்தது. தகடு மெல்லிசு, சுற்றியுள்ள சூட்டை உடனே பிடித்துக்கொள்ளும். அலுமினியம் அறுநூற்று அறுபதில் உருகும். ஆகவே அங்கே எழுநூறுக்குப் பக்கம், அதற்கு மேல் பெரிதாகப் போயிருக்காது. எழுநூறு என்று போட்டார். ஐந்நூற்றைம்பதைத் தொட்டால் இரும்பின் பலத்தில் நல்ல பங்கு போய்விடும். அதற்குமேல் கூரையைத் தாங்காது.

கடைசியாக வேண்டியது பீமின் உடம்பு. தீ படுகிற மேல்பரப்பு எவ்வளவு, உள்ளே இருக்கிற இரும்பு எவ்வளவு என்ற விகிதம்தான் இந்தக் கணக்குக்கு உயிர். ஒரே அடுப்பு, ஒரே சட்டி. பால் குறைவாக ஊற்றினால் சீக்கிரம் பொங்காதா, அது மாதிரி. லட்சுமிகாந்தம் கொடுத்த பிளானில் 'ஐ பீம் 200' என்று இருந்தது. எட்டு இஞ்சு உயரம். ஹலீம் இரும்பு அட்டவணையைப் புரட்டினார், எல்லாரும் எடுக்கிற நடுத்தர எடைப் பீமை எடுத்தார், ஓடையில் தண்ணீர் ஓடுவது போலக் கணக்கு ஓடியது. முதல் வரியில் இருபத்திரண்டு டிகிரி ஏறியது. முப்பத்து நாலாம் வரியில் ஐந்நூற்றைம்பது வந்தது. முப்பத்து நாலு வரி, ஐந்தரை நிமிஷத்துக்கு மேல்.

பதிவேடோ மூன்று நிமிஷம் என்கிறது. தீ இரும்பைத் தொட்ட பிறகு இரண்டரை நிமிஷம் கழித்துத்தான் இவள் கத்தியிருக்கிறாள்! 'மாட்டினாயா' என்று ஹலீம் தொடையில் தட்டிக்கொண்டார். அறிக்கையில் எழுதினார்: 'தீ கூரையை எட்டிய பின்னும் தகவல் தரக் குறைந்தது இரண்டரை நிமிடத் தாமதம். சாவி வைத்திருந்தவரின் கூற்று நம்பத்தக்கதல்ல.' கீழே கையெழுத்து.

அந்த ஒரு வரி என்னென்ன செய்தது தெரியுமா? லட்சுமிகாந்தம் அறிக்கையின் நகலைப் போலீஸில் கொடுத்தார். வேலுத்தாயை ஸ்டேஷனுக்கு வா, நில், போ, நாளைக்கு வா என்று பத்து நாள் அலைக்கழித்தார்கள். திங்கட்கிழமை கேஸ் எழுதப் போவதாகப் பேச்சு. அதைவிடக் கொடுமை ஊருக்குள். தம்பி வெந்துகொண்டிருக்கும்போது அக்காக்காரி ரெண்டரை நிமிஷம் வேடிக்கை பார்த்தாளாம். சர்வேயரே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டாராம். முத்துப்பாண்டியின் பெண்டாட்டி பாண்டிச்செல்வி, மதினி மதினி என்று உயிரை விட்டவள், கருமாதிப் பந்தியில் வேலுத்தாய் வைத்த இலையைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

ஹலீமுக்கு இதில் பாதி தெரியும். உறுத்தவில்லை. உப்புத் தின்றவள் தண்ணி குடித்துத்தானே ஆகவேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் எரிந்த இரும்பைக் கணக்கெடுக்க மறுபடி குடோனுக்கு வந்தார். கயிற்றை அவிழ்த்திருந்தார்கள். வளைந்து நெளிந்த பீம்களைக் கேஸ் வைத்து வெட்டித் துண்டாக்கி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஹலீம் வேப்பமரத்து நிழலில் நின்று, எவன் எதைத் திருடுகிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பெத்தணன் என்கிற கூலிக்காரன் ஒருவன் வந்தான். ஓணான் மாதிரி ஒட்டிய உடம்பு. பத்தடிப் பீம் துண்டு ஒன்றைத் தன்னந்தனியாகத் தோளில் வைத்துக்கொண்டு, வாயில் பீடி வேறு, நடந்து போனான்.

ஹலீமுக்குச் சுருக்கென்றது. எட்டு இஞ்சு பீம், பத்தடி. எழுபத்தேழு கிலோ இருக்க வேண்டும். இவன் எடையே ஐம்பது தேறாது!

"ஏலே, நில்லு! இது எந்த எடத்து இரும்பு?"

"இந்த எடத்து இரும்புதான் மொதலாளி. நீங்கதான் காலைலயிருந்து கண்ணு கொட்டாமப் பாத்துக்கிட்டு இருக்கீகளே."

"நல்ல இரும்பை மாத்திப் போட்டுட்டு லேசை வச்சிருக்கீகளா?"

"எரிஞ்ச எடத்துல எவன் சாமி வந்து மாத்துவான்? நீங்களே தூக்கிப் பாருங்க." பெத்தணன் துண்டைக் கீழே போட்டான்.

ஹலீம் குனிந்து ஒரு முனையைத் தூக்கினார். தூக்க முடிந்தது. அதுதான் பயமாக இருந்தது. டேப்பை எடுத்தார். உயரம் இருநூறு மில்லிமீட்டர். பிளானில் சொன்னது சரி. மேல்பட்டையின் அகலம் நூறு இருக்க வேண்டும், அறுபதுதான் இருந்தது. நடுத்தகடு மூன்றரைகூட இல்லை. காளிராஜின் அச்சாபீசில் தாள் உருளை நிறுக்கிற மேடைத் தராசுக்குத் தூக்கிப் போகச் சொன்னார். முள் முப்பதில் நின்றது. தராசின் மேல் சந்தேகம் வந்து, தன் எடையைப் போட்டுப் பார்த்தார். அது சரியாகத்தான் காட்டியது. இன்னும் மூன்று துண்டு ஏற்றினார். முப்பது, முப்பது, இருபத்தொன்பதரை.

கைப்பையிலிருந்து அட்டவணையை எடுத்துப் புரட்டினார். அதே பக்கம், பத்து வரி தள்ளி, அவர் அன்றைக்குத் திரும்பிக்கூடப் பார்க்காத இடத்தில் இருந்தது. அதே இருநூறு உயரம், ஆனால் எல்லாவற்றிலும் லேசான ரகம். மீட்டருக்குப் பத்துக் கிலோகூட இல்லை.

கூரை போட்ட வெல்டர் வெள்ளைத்துரை பக்கத்துத் தெருதான். ஆள் அனுப்பியதும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டே வந்தார்.

"எதுக்குய்யா இந்த இரும்பைப் போட்டீக?"

"ஏன் சார், நல்ல இரும்புதான? நான் வாழ்நாள் பூரா பட்டாசு ஷெட்டுக்குத்தான் கூரை போட்டிருக்கேன். கூரை லேசா இருக்கணும் சார், வெடிச்சா மேல பறந்து போயிரணும், சனத்து மேல விழக்கூடாது. எட்டு இஞ்சுன்னாரு மொதலாளி. எங்களுக்கு எட்டு இஞ்சுன்னா இதுதான். வேற எதையும் வாங்கினதே இல்ல."

"இது பட்டாசு ஷெட்டா? பேப்பர் குடோன்தான!"

வெள்ளைத்துரை தராசில் கிடந்த பீமைத் திரும்பிப் பார்த்தார். வெடிக்கு ஏற்ற கூரையைத் தீக்குப் போட்டிருக்கிறோம் என்பது அந்த நிமிஷம் வரை அவருக்குத் தோன்றியதே இல்லை. அவர் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. ஹலீம் அதைக்கூடச் சந்தேகப்பட்டுப் பார்த்தார். முடியவில்லை.

காளிராஜின் மேஜையில் உட்கார்ந்து கணக்கைத் திரும்பப் போட்டார். தீயின் சூடு அதே எழுநூறு, காற்றுக்கு அதே இருபத்தைந்து, எதையும் மாற்றவில்லை. பரப்புக்கும் இரும்புக்கும் உள்ள விகிதம் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. முதல் பத்து விநாடியில் இருபத்திரண்டு ஏறிய இடத்தில் இப்போது நாற்பத்து நாலு. பதினேழாம் வரியில் ஐந்நூற்றைம்பது வந்துவிட்டது. இரண்டே முக்கால் நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல். இந்த மெலிந்த பீம் அதற்கும் சற்று முன்பே வளைந்திருக்கலாம், அதிகம் நின்றிருக்க வாய்ப்பில்லை.

ஒன்று நாற்பத்திரண்டு, ஒன்று நாற்பத்தைந்து. தீ இரும்பைத் தொட்டதும் கத்தினேன் என்றாள். தொட்டதும்தான் கத்தியிருக்கிறாள். ஊரில் ஒருத்தனை விடாமல் சந்தேகப்பட்டவர், தன் அட்டவணையின் ஒரு வரியைச் சந்தேகப்படாமல் விட்டுவிட்டார். அட பாவி, என்று ஹலீம் வாய்விட்டே சொன்னார். காளிராஜ் தன்னைத்தான் சொல்கிறாரோ என்று நிமிர்ந்து பார்த்தார்.

லட்சுமிகாந்தம் காரில் வந்து இறங்கினார். விஷயத்தைக் கேட்டதும் ஹலீமின் தோளில் கை போட்டு ஓரமாகத் தள்ளிப் போனார்.

"பாய், எழுதுனது எழுதுனபடியே இருக்கட்டுமே. இருபத்திரண்டு வருசத்துல ஒரு ரிப்போர்ட்டாவது திருத்தியிருக்கீகளா? உங்க பேரு என்னத்துக்கு ஆகும்? அந்தப் பொம்பளைக்கு நான் ஏதாச்சும் பாத்துச் செய்யிறேன்."

ஹலீம் அந்தக் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டார். அந்த ஆள் முதலில் இருந்தே இரும்பைப் பற்றித் தெரிந்துதான் அறிக்கையைப் போலீஸில் கொடுத்தாரா? அந்தச் சந்தேகத்தை நோட்டில் எழுதவில்லை. இந்தப் பத்து நாளில் தான் எழுதின சந்தேகம் போதும்.

அங்கேயே திருத்த அறிக்கை எழுதினார். 'முந்தைய அறிக்கையில் பீமின் எடையை நேரில் சோதிக்காமல் நான் தவறாக எடுத்துக்கொண்டேன். தகவல் தந்ததில் தாமதம் இல்லை.' 'நான்' என்று எழுதும்போது பேனா ஒருமுறை நின்றது. ஒரு நகலைக் கம்பெனிக்கு வைத்துக்கொண்டார். இன்னொன்றை நேராக ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் கையில் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கினார். பிறகுதான் ஏழாயிரம்பண்ணைக்கு வண்டியைத் திருப்பினார்.

வேலுத்தாய் வீட்டு வாசலில் தீப்பெட்டிக் கூடு ஒட்டிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் எழுந்து நின்றாள். ஸ்டேஷனில் நின்று நின்று பழகின நிற்பு அது. எதிர்வீட்டு நிலையில் பாண்டிச்செல்வி சாய்ந்திருந்தாள், முகத்தைத் திருப்பவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை.

ஹலீம் எதிர்வீட்டுக்கும் கேட்கும்படியாகவே பேசினார். "அம்மா, தப்பு என்மேல. நீங்க சொன்னது அத்தனையும் உண்மை. தீ இரும்பைத் தொட்ட நொடியிலதான் கத்தியிருக்கீக. ஒரு நிமிசம்கூடப் பிந்தல. இரும்பு நான் நெனச்சதைவிட லேசு, அதான் வெரசா விழுந்துருச்சு. ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டேன். இனி உங்களை யாரும் கூப்பிட மாட்டாக. என்னை மன்னிச்சுருங்க."

 வேலுத்தாய் பசை காயக் காய விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பாண்டிச்செல்விதான் தெருவைத் தாண்டி வந்தாள். பத்து நாளில் முதல்முறையாக மதினிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்ப கனத்த இரும்பா இருந்திருந்தா எம்புட்டு நேரம் சார் தாங்கியிருக்கும்?"

இந்தக் கேள்வி வரும் என்று ஹலீம் நினைக்கவில்லை. பதில் பத்து நாளாக அவர் நோட்டில் இருந்தது, வேலுத்தாய்க்கு எதிராக. பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் பார்த்தார்.

"அஞ்சரை நிமிசம்மா. இன்னும் ரெண்டரை நிமிசத்துக்கு மேல தாங்கியிருக்கும்."

வேலுத்தாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு அச்சாபீசில் அவள் முழுங்கியது இப்போது வெளியே வந்தது.

"நான் மூணு தடவ கூப்பிட்டேன் சார். மூணாவது தடவைக்கு உள்ளயிருந்து கொரல் குடுத்தான். 'இந்தா வாரேங்க்கா'ன்னான். வாரேன்னு சொன்னவனை விட்டுட்டு வெளிய நின்னேனேன்னு நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. அவன் எந்திரிச்சு வந்துக்கிட்டுத்தான் சார் இருந்தான்."

அவள் எழுந்து, ஹலீமைத் தாண்டி, வாசலிலிருந்து தெருவில் நடந்தாள். கடைசி அடுக்கிலிருந்து கதவு வரைக்கும் எத்தனை அடி என்று பத்து நாளாக அவள் மனசுக்குள் அளந்திருக்க வேண்டும். தெருவோர வேப்பமரம் ஒன்று வரைக்கும் போய் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"இம்புட்டுத்தான் சார் தூரம்," என்றாள். "ரெண்டரை நிமிசம் என்னத்துக்கு? அரை நிமிசம் போதும்."

பாண்டிச்செல்வி ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். ஹலீமின் கையில் திருத்த அறிக்கையின் மூன்றாவது நகல் இருந்தது. வேலுத்தாயிடம் கொடுக்கத்தான் கொண்டுவந்திருந்தார்.